செவ்வாய்க்கிழமைக் கணக்கு: வேன் வராத வாரத்துக்கு எத்தனை பெட்டி?

மளிகைக் கடையில் ஒரு சரக்கு தீர்ந்துபோனால் பழி பெரும்பாலும் விற்பனை மேல்தான் விழும். "இந்த வாரம் எதிர்பார்க்காத அளவுக்கு ஓடிடுச்சு" என்பார்கள். பில்களை எடுத்துப் பார்த்தால் அந்த வாரமும் வழக்கம்போலத்தான் ஓடியிருக்கும். வராமல் போனது ஏஜென்சி வேன். வேகமாக ஓடும் சரக்குக்கு சேஃப்டி ஸ்டாக், அதாவது ஆபத்துக்கென்று கூடுதலாக வைக்கும் இருப்பு, வைப்பது வாடிக்கையாளருக்குப் பயந்து அல்ல, சப்ளையருக்குப் பயந்துதான். எதற்குப் பயப்படுகிறோமோ அதைத்தானே அளக்க வேண்டும்? ஆனால் கடைகளில் விற்பனைக்கு மென்பொருள் இருக்கிறது, டெலிவரிக்கு ஒரு நோட்டுகூட இருப்பதில்லை.

ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட், பெட்டிக்கு 10. நடுத்தரமான ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர். ஏஜென்சி சேல்ஸ்மேன் செவ்வாய்க்கிழமை வந்து ஆர்டர் எடுப்பார். அந்த லைனுக்கு வேன் வெள்ளிக்கிழமை வரும், தப்பினால் சனி. எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை எண்ணைப் போட்டால் விடை மாறும், போக்கு மாறாது.

முதலில் தினசரி விற்பனை. கடந்த 60 நாளில் 1,344 பாக்கெட் விற்றிருக்கிறது. 60-ஆல் வகுத்தால் நாளுக்கு 22.4. இங்கேயே ஒரு தப்பு நுழைகிறது. அந்த 60 நாளில் 4 நாள் ரேக்கில் எண்ணெயே இல்லை. சரக்கு இல்லாத நாளில் பில்லில் பூஜ்யம் விழும், அதை யாரும் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்த 56 நாளால் வகுத்தால் 24. வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் தப்பு: தீர்ந்துபோனதால் சராசரி குறைகிறது, சராசரி குறைந்ததால் ஆர்டர் குறைகிறது, ஆர்டர் குறைந்ததால் மறுபடி தீர்கிறது. பாதி நாளில் தீர்ந்த நாட்களையும் தள்ளிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தச் சரக்குக்கு பில்லே இல்லை என்றால், தீர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 7 பாக்கெட் என்று வைப்போம்.

அடுத்தது டெலிவரி நோட்டு. மொத்த வேலையில் இதற்குத்தான் உழைப்பு வேண்டும். நான்கு பத்தி போதும்: கேட்ட தேதி, எத்தனை பெட்டி கேட்டோம், வந்த தேதி, எத்தனை வந்தது. கூடவே குறிப்புக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம். கேட்ட தேதி என்பது அந்தச் சரக்கை முதல் தடவை கேட்ட நாள். வெள்ளிக்கிழமை வேன் வந்து, பில்லில் எண்ணெய் மட்டும் இல்லாமல், அடுத்த செவ்வாய் மறுபடி கேட்டு அதற்கடுத்த வெள்ளி வந்தால், அது 3 நாள் டெலிவரி இல்லை, 10 நாள் டெலிவரி. இரண்டாவது செவ்வாயிலிருந்து எண்ணினால் ஏஜென்சி ஒருபோதும் தாமதிக்காத உத்தமராகத்தான் தெரிவார்.

நம் நோட்டில் கடைசி 12 டெலிவரி இப்படி இருக்கிறது என்று வைப்போம்: 3, 3, 4, 3, 10, 3, 4, 10, 3, 4, 3, 10 நாட்கள். சராசரி 5. திட்ட விலக்கம் சுமார் 3.05. எக்செல்லில் C பத்தியில் நாட்களைப் போட்டால் முதல் இரண்டு வரி இதைத் தரும். மூன்றாவது வரி, புத்தகங்களில் உள்ள சேஃப்டி ஸ்டாக் சூத்திரம்.

```
=AVERAGE(C2:C13)
=STDEV.S(C2:C13)
=1.65*SQRT(5*7^2+24^2*3.05^2)
```

வர்க்கமூலத்துக்குள் இரண்டு துண்டு இருக்கிறது. முதலாவது விற்பனையின் ஆட்டம்: 5 நாள், நாளுக்கு 7. இரண்டாவது டெலிவரியின் ஆட்டம்: நாளுக்கு 24 பாக்கெட், 3.05 நாள். 1.65 என்பது நூறு ஆர்டரில் 95-ல் சரக்கு தீராமல் இருக்க வேண்டும் என்பதற்கான எண். 90 போதுமென்றால் 1.28. இந்த 95-ஐ "95 சதவீத வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்" என்று படிக்கக் கூடாது. ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை உள்ள காலத்தை ஒரு சுற்று என்றால், சுற்றுகளில் எத்தனை தப்பிக்கும் என்பதுதான் அது.

விடை சுமார் 123 பாக்கெட். இப்போது சூத்திரத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்போம். வேன் தவறாமல் ஐந்தாம் நாள் வரும் என்று வைத்து இரண்டாவது துண்டை எடுத்துவிட்டால் 26 பாக்கெட் போதும். அதை விட்டுவிட்டு, விற்பனை தினமும் அச்சடித்ததுபோல 24 என்று வைத்து முதல் துண்டை எடுத்தால் 121. விற்பனையை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்தாலும் மிச்சமாவது இரண்டு மூன்று பாக்கெட்தான். விற்பனை முன்கணிப்பு மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சூத்திரப்படி ரீஆர்டர் லெவல்: 5 நாள் விற்பனை 120, சேஃப்டி ஸ்டாக் 123, ஆக 243. இருப்பு 243-க்கு வந்ததும் ஆர்டர். பல இடங்களில் கணக்கு இங்கே முடிந்துவிடும். எனக்கு இந்த 243 மேல் நம்பிக்கை இல்லை. காரணம் இரண்டு.

முதல் காரணம், அந்த 12 எண்களிலேயே தெரிகிறது. சராசரி 5 நாள் என்கிறோம். ஐந்தாம் நாள் வந்த டெலிவரி ஒன்றாவது இருக்கிறதா? ஆறாம் நாள், ஏழாம் நாள்? இல்லை. வேன் ஏறினால் 3 அல்லது 4 நாள், தவறினால் 10 நாள். நடுவில் ஒன்றுமில்லை. சூத்திரமோ டெலிவரி நாட்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நம்முடையது இரண்டு குவியல். தவறிய வாரத்தில் 10 நாளுக்குச் சராசரியாக 240 பாக்கெட் விற்கும். கையில் இருப்பது 243. அந்த வாரம் விற்பனை சற்றே கூடினாலும் ரேக் காலி, அதாவது ஏறக்குறைய பூவா தலையா. நாலில் ஒரு ஆர்டர் தவறுகிறது, அதில் கிட்டத்தட்ட பாதி தீர்கிறது என்றால், நூறில் 5 என்று வாக்குக் கொடுத்த சூத்திரம் உண்மையில் 11 தடவை கைவிடுகிறது.

இரண்டு குவியல் தெரிந்தால் சராசரியை மறந்துவிட்டு, அதிக நாள் பிடிக்கும் குவியலின் நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். 10 நாளுக்கு 240, அந்த 10 நாள் விற்பனை ஆட்டத்துக்கு 1.65 × 7 × √10, சுமார் 37. மொத்தம் 277, பெட்டிக் கணக்கில் 280. இது கண்ணுக்கும் புரிகிற கணக்கு: "ஒரு வேன் தவறினாலும் தாங்கணும்." குடோனில் வேலை செய்யும் பையனுக்கும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நோட்டில் ஏழெட்டு வரிதான் இருக்கிறது என்றால் திட்ட விலக்கத்தைத் தொடவே வேண்டாம். நாட்களை வரிசைப்படுத்தி, மிக மோசமானதை மட்டும் தனியாகப் பார்த்து, அது மறுபடி நடக்கக்கூடியதா என்று கேட்டால் போதும். சாலை மறியலால் ஒருமுறை வந்த 19 நாளைத் தள்ளிவிடலாம். வேனில் இடமில்லாமல் வந்த 10 நாளைத் தள்ள முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ரீஆர்டர் லெவல் என்ற எண்ணமே, இருப்பு அந்தக் கோட்டைத் தொட்டதும் ஆர்டர் போட முடியும் என்பதில் நிற்கிறது. எந்த நாளும் போனில் ஆர்டர் எடுத்து எந்த நாளும் அனுப்பும் சப்ளையருக்கு 280 சரி. நம் சேல்ஸ்மேன் செவ்வாய்தான் வருவார். இந்தச் செவ்வாய் இருப்பு 290, கோட்டுக்கு மேலே, ஆர்டர் போடவில்லை. புதன்கிழமையே 266-க்கு இறங்கிவிடும். அடுத்த ஆர்டருக்கு இன்னும் ஆறு நாள், அதன்பிறகு வேன் தவறினால் பத்து நாள். 280-ல் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

ஆகவே இங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். இன்று போடும் ஆர்டர் எதுவரை தாங்க வேண்டும்? அடுத்த ஆர்டர் 7 நாள் கழித்து. அது மோசமாகப் போனால் வந்து சேர 10 நாள். எனவே இன்றைய ஆர்டரோடு சேர்த்து 17 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். 17 × 24 = 408. விற்பனை ஆட்டத்துக்கு 1.65 × 7 × √17, சுமார் 48. மொத்தம் 456, பெட்டிக் கணக்கில் 460. செவ்வாய்தோறும் கையிருப்பும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்து 460 ஆகும்வரை ஆர்டர் போடுவது. இது நிரப்பு அளவு. கோட்டைத் தொட்டதா என்று பார்க்கும் வேலையே இல்லை.

```
=MAX(0,ROUNDUP((460-B2-C2-D2)/10,0))
```

இதை வேறு ஷீட்டில் போடுங்கள். B2-வில் ரேக்கில் இருப்பது, C2-வில் குடோனில் இருப்பது, D2-வில் கேட்டு இன்னும் வராதது, எல்லாம் பாக்கெட் கணக்கில். விடை பெட்டியில். B2-வையும் C2-வையும் பில்லிங் மென்பொருளிலிருந்து எடுக்காமல் செவ்வாய் காலை கையால் எண்ணிப் போடுவதுதான் நல்லது. எண்ணெய் பாக்கெட் ஓட்டையாகி ஒழுகும். அடியில் உள்ள பெட்டியில் இரண்டு ஒழுகினால் சுற்றியுள்ளவையும் பிசுக்காகி விற்பனைக்கு ஆகாமல் ஒதுங்கும். அதையெல்லாம் டேமேஜ் என்று எழுதிக் கழிக்கும் வரை கணினியில் அவை நல்ல சரக்காகவே உட்கார்ந்திருக்கும். இல்லாத ஏழு பாக்கெட்டை நம்பி ஒரு பெட்டி குறைவாக ஆர்டர் போவது இப்படித்தான்.

D2-தான் அதிகம் காலை வாரிவிடும் இடம். ஒரு வாரத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். செவ்வாய் இருப்பு 292, பாக்கி இல்லை. 460-க்கு 168 குறைவு, 17 பெட்டி ஆர்டர். வெள்ளி வேன் வருகிறது, எண்ணெய் இல்லை. சனியும் இல்லை. அடுத்த செவ்வாய் எண்ணினால் 124. குடோனில் பாதி இடம் காலி, முதலாளிக்கு வயிற்றைக் கலக்குகிறது. 460-லிருந்து 124-ஐக் கழித்து "34 பெட்டி போடுப்பா" என்பார். ஆனால் போன வார 17 பெட்டி ஏஜென்சியில் உயிரோடு இருக்கிறது. 124-உடன் 170-ஐச் சேர்த்தால் 294. இன்று போட வேண்டியது 17 பெட்டிதான். வெள்ளி காலை ரேக்கில் சுமார் 52 மிச்சமிருக்கும்போது 34 பெட்டி இறங்கும். பதறிப் போட்டிருந்தால் 51 பெட்டி இறங்கி, நடைபாதையில் அடுக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கடுத்த வாரம் ஆர்டரே இருக்காது. ஏஜென்சி அந்தக் கடையை "எப்போ எடுப்பாங்கன்னு தெரியாது" பட்டியலில் சேர்த்து, வேனில் இடம் குறையும்போது அவர்களைத்தான் முதலில் இறக்குவார். தாமதத்துக்குப் பயந்து போட்ட ஆர்டரே அடுத்த தாமதத்தைக் கொண்டுவரும்.

ஆனால் பாக்கி உயிரோடு இருக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஏஜென்சிகளில் அந்த வாரம் கொடுக்க முடியாத வரி அப்படியே அழிந்துபோகும், அடுத்த வாரத்துக்கு நகராது. அப்படியென்றால் D2 பூஜ்யம், 34 பெட்டிதான் சரி. இரண்டில் எது என்று தெரியாமல் 17-ம் போடக் கூடாது, 34-ம் போடக் கூடாது. கேட்க வேண்டிய நாள் சனிக்கிழமை, ஒரே கேள்வி: "அண்ணே, எண்ணெய் பில்லுல வரலையே, அது அடுத்த லோடுல வருதா, இல்ல புதுசா ஆர்டர் போடணுமா?" பதிலை நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டால் செவ்வாய்க்கிழமை வாக்குவாதம் இல்லை.

குறைத்துக் கொடுப்பது இன்னொரு தொல்லை. 17 கேட்டால் 12 வரும். எப்படியும் குறைப்பார்கள் என்று 25 கேட்கும் பழக்கம் உண்டு. இது பத்து மாதம் பலிக்கும். பதினோராவது மாதக் கடைசியில் சேல்ஸ்மேனுக்கு டார்கெட் அடிக்க வேண்டியிருக்கும், கேட்ட 25-ம் முழுதாக வந்து நிற்கும். கேட்டது நீங்கள்தான், திருப்பவும் முடியாது. தேவையானதையே கேட்டு, வந்த 12-ஐ ஒரு வரியாகவும் வராத 5-ஐத் தனி வரியாகவும் நோட்டில் எழுதினால், அந்த 5-ம் தாமதமாகவே பதிவாகி நிரப்பு அளவில் தானாக ஏறிக்கொள்ளும்.

மாத முதல் பத்து நாளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சம்பளம் வந்ததும் மாத மளிகை வாங்குவதால் அப்போது நாளுக்கு 30, மற்ற நாளில் 21 என்று பிரிந்தால்தான் சராசரி 24. அந்தப் பத்து நாளை முழுதாக உள்ளடக்கும் 17 நாளில் 408-க்குப் பதில் 447 விற்கும். ஒன்றாம் தேதிக்கு முந்தைய செவ்வாய் மட்டும் நிரப்பு அளவை 500 என்று வைத்துக்கொண்டால் போதும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்தக் கணக்கு உதவாது. போன வருடம் அதே பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்துப் பில்லைத்தான் பார்க்க வேண்டும்.

இனி காசு. வேன் ஒழுங்காக வரும் வாரத்தில், புதுச் சரக்கு இறங்கும் நேரத்தில்கூடப் பழையது 220 பாக்கெட் கிடக்கும். வாங்கும் விலை 130 ரூபாய் என்றால் 28,600 ரூபாய். நான்கு வாரத்தில் மூன்று வாரம் இது வீணாகத்தான் தெரியும், குறைத்துவிடலாமே என்று கை அரிக்கும். வருடத்துக்கு 12 சதவீத வட்டி போட்டாலும் மாதம் 286 ரூபாய். எண்ணெயில் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் லாபம் என்றால், ஒரு நாள் தீர்ந்தால் போவது 120 ரூபாய். மூன்று நாள் தீர்ந்தால் வட்டியை மிஞ்சிவிடும். எண்ணெய் இல்லாததால் மாத லிஸ்ட்டையே எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவரை இதில் சேர்க்கவில்லை. எண்ணெய், சர்க்கரை, பருப்பு மாதிரி லிஸ்ட்டின் தலைப்பில் இருக்கும் சரக்குக்கு 1.65-ஐக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதே பிராண்டில் வேறு அளவு பக்கத்திலேயே இருக்கும் ஷாம்பூவுக்கு 1.28 தாராளம். பிரெட்டுக்கும் மாவு பாக்கெட்டுக்கும் இந்த முறையே வேண்டாம். 17 நாள் தாங்கும் பிரெட் கிடையாது, அங்கே இரண்டாவது சப்ளையர்தான் சேஃப்டி ஸ்டாக்.

ஆனால் 460 என்பது விதி இல்லை. அதை ஏற்றியது அந்த மூன்று 10 நாள். எல்லா டெலிவரியும் 4 நாளுக்குள் வந்தால் தாங்க வேண்டியது 11 நாள்தான், நிரப்பு அளவு 310. வித்தியாசம் 150 பாக்கெட், 19,500 ரூபாய். ஒரு சரக்கில் அது பெரிதில்லை. இப்படி 40 சரக்கு இருந்தால் 7,80,000 ரூபாய் குடோனில் அடுக்கிக் கிடக்கிறது. அந்த மூன்று வரிக்கு எதிரே ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க இந்தத் தொகை போதுமான காரணம். ஒன்றில் "ஏஜென்சியில் ஸ்டாக் இல்லை" என்று இருக்கும். ஒன்றில் "வேனில் இடம் இல்லை", அதாவது லைனின் கடைசிக் கடை என்பதால் வெட்டப்பட்டது. இன்னொன்றில் "பழைய பில் பாக்கி" என்று இருக்கலாம். கெடு தாண்டிய பில் இருந்தால் ஏஜென்சியின் கணினி அந்தக் கடைக்குப் புதுப் பில் போடவே விடாது. அந்தத் தாமதத்தைச் செய்தது கடைதான். பழைய பில்லைத் திங்கட்கிழமை கட்டிவிட்டால் அந்த வரி நோட்டில் திரும்ப வராது. வேன் இடத்துக்கு வழி, லைனின் முன்பகுதிக்கு மாற்றச் சொல்வது, அல்லது வெள்ளி பிற்பகல் கடையின் ஆட்டோவையே ஏஜென்சி குடோனுக்கு அனுப்புவது. மாதம் ஒருமுறை ஆட்டோ வாடகையும் மேலே சொன்ன வட்டியும் எது குறைவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஏஜென்சியிலேயே சரக்கு இல்லாததற்கு மட்டும் கடைக்காரர் கையில் மருந்து இல்லை. அதிலும் சூரியகாந்தி எண்ணெய்க்கு ஒரு கூடுதல் சிக்கல்: இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது தட்டுப்பாடும் விலையும் சேர்ந்தே வந்தன. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்தபோது விலை ஏறியது. அந்த மாதிரி வாரங்களில் நோட்டின் 12 வரியும் செல்லாது. கடந்தகாலம் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. அப்போது ஒருவருக்கு இரண்டு பாக்கெட் என்று அளவு கட்டுவதும், பக்கத்தில் வேறு எண்ணெயை நிரப்புவதும்தான் வழி. அந்த வாரத் தாமதங்களை நோட்டில் கட்டம் போட்டுத் தனியாக வையுங்கள், கணக்கில் சேர்த்தால் அடுத்த வருடம் முழுக்க குடோன் வழியும்.

சரி, தாமதத்தைச் சரிசெய்துவிட்டோம், எப்போது 460-ஐக் குறைப்பது? அடுத்தடுத்து ஆறு டெலிவரி நேரத்துக்கு வந்தால் போதுமென்று தோன்றும். நாலில் ஒன்று தவறும் பழைய ஏஜென்சியாகவே இருந்தாலும், ஆறும் ஒழுங்காக வர 18 சதவீத வாய்ப்பு உண்டு. அது வெறும் அதிர்ஷ்டமாகவே இருக்கலாம். பன்னிரண்டும் ஒழுங்காக வர 3 சதவீதம்தான். ஆகவே மூன்று மாதம் பொறுத்து, நோட்டில் 10 என்ற எண்ணே இல்லாத பன்னிரண்டு வரி சேர்ந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு பெட்டி வீதம் இறக்கிக்கொண்டே வந்து 310-ல் நிறுத்தலாம். நடுவில் ஒரு 10 வந்தால் அங்கேயே நிறுத்தி, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.